கடகத்துச் செவ்வாயும் மூன்று திரேக்காணங்களும்: கேள்வி பதில்

கே: ஐயா, மகனுக்குக் கடகத்தில் செவ்வாய், பூசம் 3-ஆம் பாதம். நீசம் என்று பயந்துகொண்டிருந்தோம். ஒரு ஜோதிடர், "திரேக்காணத்தில் ஆட்சி, கவலை வேண்டாம்" என்கிறார். ஜாதகத்தில் ராசியும் நவாம்சமும்தானே இருக்கிறது, இதை எங்கே பார்த்தார்?

பாதத்தை வைத்தே பார்த்திருப்பார் அம்மா. ஒரு ராசிக்கு ஒன்பது பாதம், மூன்று திரேக்காணம். அதனால் மூன்று பாதம் சேர்ந்தால் ஒரு திரேக்காணம், சரியாகப் பத்துப் பாகை. கடகத்தில் புனர்பூசம் 4, பூசம் 1, 2 முதல் திரேக்காணம். அது கடகத்துக்கே சொந்தம். பூசம் 3, 4, ஆயில்யம் 1 இரண்டாவது. அது ஐந்தாம் ராசியான விருச்சிகத்துக்குப் போகும். ஆயில்யத்தின் மற்ற மூன்று பாதமும் ஒன்பதாம் ராசியான மீனத்துக்கு. விருச்சிகம் செவ்வாயின் சொந்த வீடு என்பதால் ஆட்சி என்றிருக்கிறார்.

கே: அப்படியானால் நீசம் கழிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்தானே?

பாதி சரி. ராசியில் நீசம் நீசம்தான், அதை திரேக்காணம் அழிக்காது. அந்த நீசம் எந்தச் சாயலில் வெளிப்படும் என்பதைத்தான் அது காட்டும். நான் பார்க்கும் விதம் இது: முதல் திரேக்காணச் செவ்வாய் சந்திரன் கையில் இருப்பவர். கோபம் மனநிலையோடு ஏறி இறங்கும். காலையில் கத்திவிட்டு மத்தியானம் சமாதானத்துக்கு வருவார். இரண்டாவதில் அப்படி இல்லை. வாய்விட்டுச் சொல்லமாட்டார், ஆனால் மறக்கவும் மாட்டார். எடுத்த காரியத்தில் ஊன்றி நிற்கும் பிடிவாதம் அங்கே கிடைக்கிறது. மூன்றாவது குருவின் மீனம். விட்டுக்கொடுத்துவிட்டு, அப்புறம் ஏன் விட்டுக்கொடுத்தோம் என்று தனக்குள் புழுங்குவார். செவ்வாயின் பரம நீசமான 28-ஆம் பாகை இந்த மூன்றாவதில்தான் வருகிறது. ஆனால் இதே திரேக்காணத்தில் ஆயில்யம் 2-ஆம் பாதம் நவாம்சத்தில் மகரம், அதாவது உச்சம். ஒரே திரேக்காணத்துக்குள் இவ்வளவு தூரம் இருக்கும்போது அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல எனக்குக் கை வராது.

கே: திரேக்காணம் சகோதரர்களுக்குத்தானே? என் தம்பி மூன்று வருடமாகப் பேசுவதில்லை. எப்போது பேசுவான்?

திரேக்காணக் கட்டத்தைத் தனிச் சக்கரமாகப் போட்டு சகோதரர்களைப் பார்ப்பது உண்டு, அது வேறு வேலை. இங்கே பேசுவது ஒரு கிரகத்தின் குணம் பற்றி. தம்பி விஷயத்துக்கு நடக்கும் தசாபுத்தி வேண்டும். அது இல்லாமல் தேதி சொல்ல முடியாது தம்பி.

கே: நான் படித்ததில் 1, 12, 11-ஆம் அதிபதிகள் என்று இருந்தது. நீங்கள் 1, 5, 9 என்கிறீர்களே?

நீங்கள் படித்ததும் தவறில்லை. வராகமிகிரரே பிருகத் ஜாதகத்தில் அதைச் சிலரின் கருத்தாகச் சொல்லிவைத்திருக்கிறார். அந்தக் கணக்கில் இந்தப் பையனின் செவ்வாய் மிதுனத்துக்கு, அதாவது பகைவரான புதனிடம் போய்விடும், சாயலே மாறிவிடும். நம் பக்கம் நடைமுறையில் இருப்பது 1, 5, 9. நானும் அதைத்தான் எடுக்கிறேன்.

கே: ஆகஸ்ட் 20 பிறந்தவன். ஆங்கில முறையில் சிம்மம் மூன்றாம் டெக்கான் என்கிறார்கள். நம்மிலும் அதேதானா?

இல்லை. அவர்கள் சாயனம், நாம் நிராயணம். இடையில் ஏறக்குறைய 24 பாகை. அவர்கள் கணக்கில் உங்கள் சூரியன் சிம்மக் கடைசியில், நம் கணக்கில் இப்போதுதான் நுழைந்திருக்கிறார். சூரியனுக்கு மட்டும் சுலப வழி ஒன்று உண்டு: தமிழ் மாதத்தின் முதல் பத்து நாள் முதல் திரேக்காணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஆவணி 4 வாக்கில் வரும்.

கே: ஐயா, முதலில் கேட்டவள்தான். ஊரில் எழுதிய பழைய ஜாதகத்தில் செவ்வாய் பூசம் 2 என்று இருக்கிறது. திருக்கணிதத்தில் 10 பாகை 50 கலை.

இதைத்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், என் தவறு. பழையது வாக்கியப்படி எழுதியதாக இருக்கும். இரண்டுக்கும் பாகை வித்தியாசம் வருவது சகஜம், உங்கள் மகன் எல்லையிலேயே நிற்கிறான். செவ்வாய் வழக்கமான வேகத்தில் நாளுக்கு அரைப் பாகைக்குச் சற்று மேல்தான் நகரும், அதனால் பிறந்த நேரத்தில் சில நிமிடம் தவறினால் இது மாறாது, பஞ்சாங்கம்தான் மாற்றுகிறது. நான் திருக்கணிதம் பார்ப்பவன், ஆகவே விருச்சிகம் என்பேன். வாக்கியக்காரர் கடகம் என்பார். சரி, ஒன்று கேட்கிறேன்: பையனுக்குக் கோபம் வந்தால் கத்தித் தீர்ப்பானா, கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் இருப்பானா?