வெட்டிவேர் தட்டி: ஈரம் மட்டும் போதாது, காய்ந்த காற்றும் வேண்டும்

கேள்வி: வெட்டிவேர் தட்டி கட்டினால் அறை நிஜமாகவே குளிருமா? சென்னையில் இருக்கிறேன். போன மே மாதம் ஒரு வெட்டிவேர் பாய் வாங்கி ஹாலில் தொங்கவிட்டுத் தண்ணீர் தெளித்தேன். வாசனை நன்றாக இருந்தது, ஆனால் புழுக்கம்தான் அதிகமானது. நான் ஏமாந்துவிட்டேனா?

பதில்:

ஏமாறவில்லை, தப்பான இடத்தில் மாட்டியிருக்கிறீர்கள். தட்டியை வீட்டுக்குள் தொங்கவிட்டால் அது ஈரத் துணி காயப்போட்ட மாதிரிதான். அறையில் ஏற்கெனவே இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றி ஈரமாக்கும், புழுங்கும். தட்டியின் இடம் ஜன்னலுக்கு வெளிப்பக்கம். வெளியிலிருந்து வருகிற சூடான காய்ந்த காற்று அந்த ஈர வேரின் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். வரும் வழியில் தண்ணீர் ஆவியாகிறது, ஆவியாவதற்கான வெப்பத்தைக் காற்றிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்குதான். வேருக்கென்று தனியாகக் குளிர்ச்சி கிடையாது. ஈரச் சாக்கைக் கட்டினாலும் குளிரும், ஆனால் இரண்டே நாளில் ஊத்தை நாற்றம் அடிக்கும். வெட்டிவேர் நனைய நனைய மணக்கும், சீக்கிரம் மக்காது, மெல்லிய வேர்கள் பின்னிக்கிடப்பதால் தண்ணீரைப் பிடித்தும் வைத்துக்கொள்ளும், காற்றுக்கு வழியும் விடும்.

நான் வளர்ந்தது வேலூரில். இப்போது இருப்பது தாம்பரம் பக்கம். இரண்டு ஊரிலும் தட்டி கட்டிப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், ஊரைப் பொறுத்துத்தான் எல்லாம். வாங்குவதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். சுவரில் மாட்டுகிற சாதாரண வெப்பமானி ஒன்று வாங்கி, மதியம் வெளியே நிழலில் வைத்து எத்தனை காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதன் குமிழில் ஒரு துண்டு வேட்டித் துணியைச் சுற்றி நனைத்து, ஐந்து நிமிடம் மேசை விசிறிக்கு எதிரில் வையுங்கள். இறங்கி ஓர் இடத்தில் நிற்கும். அந்த அளவுக்குக் கீழே எந்தத் தட்டியும், எந்த ஏர் கூலரும் காற்றைக் குளிர வைக்க முடியாது. நடைமுறையில் கையால் தண்ணீர் தெளிக்கிற தட்டி அந்த வித்தியாசத்தில் பாதியைத் தந்தாலே நல்ல தட்டி.

அக்னி நட்சத்திரத்தில் ஒரு நாள் வேலூர் வீட்டில் அளந்தது நினைவிருக்கிறது. வெளியே நிழலில் 40 டிகிரி, ஈரத் துணி சுற்றியதும் 24. வித்தியாசம் 16. தட்டிக்கு உட்புறம் ஓரடி தள்ளி வெப்பமானியைப் பிடித்தால் 31 காட்டியது. அறை நடுவில் 33 (மொட்டை மாடிக்குக் கீழ் அறை, கூரையே சுடும், அதனால் உள்ளே வந்த காற்று மறுபடி கொஞ்சம் சூடாகிவிடும்). தட்டி இல்லாத பக்கத்து அறை 37. நாலு டிகிரிதானே என்று தோன்றலாம், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் அந்த இரண்டு அறையிலும் மாறி மாறிப் படுத்துப் பார்த்தால் தெரியும். இதையே சென்னையில் வெளியே 35, காற்றில் ஈரப்பதம் 60 சதவீதம் இருக்கிற ஒரு நாளில் செய்தால் ஈரத் துணி 28, 29-லேயே நின்றுவிடும். அதில் பாதி என்றால் மூன்று டிகிரி. அந்த மூன்று டிகிரிக்காக அறைக்குள் ஈரத்தை வேறு ஏற்றுகிறீர்கள், வியர்வை காயாது, அதனால்தான் உங்களுக்குப் புழுக்கம்.

ஆனால் சென்னைக்காரர்கள் இதை அடியோடு மறந்துவிட வேண்டியதில்லை. மே, ஜூனில் சில நாள் கடற்காற்று வருவதற்கு ரொம்ப நேரமாகிவிடும், அதுவரை மேற்கிலிருந்து அனல் காற்று வீசும், 40-ஐத் தாண்டுவது அந்த மாதிரி நாட்களில்தான். அந்தக் காற்று காய்ந்த காற்று. அப்போது மேற்கு ஜன்னலில் தட்டியை நனைத்துவிட்டால் வேலூரில் வேலை செய்த மாதிரியே வேலை செய்யும். கடற்காற்று உள்ளே வந்ததும் (கிழக்கு ஜன்னல் திரை ஆட ஆரம்பிக்கும், தோல் பிசுபிசுக்கும்) தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டுத் தட்டியைத் தூக்கிக் கட்டிவிடுங்கள். நான் இப்போது செய்வது இதுதான். ஒரு கோடையில் பத்துப் பதினைந்து நாள் உபயோகம், அவ்வளவுதான். அந்தப் பத்து நாளுக்காகக் கட்டுவது உங்கள் விருப்பம். வட இந்தியாவில் 'லூ' வீசுகிற டெல்லி, ஆக்ரா, லக்னோ பக்கம் முகலாயர் காலத்திலிருந்தே கஸ் தட்டி புழங்குகிறது என்றால் அங்கே மே மாதம் முழுக்க அப்படிப்பட்ட காற்று. வெள்ளைக்காரர்கள் பங்களாவில் அதற்குத் தண்ணீர் ஊற்றவே தனியாக ஆள் வைத்திருந்தார்கள். (இன்றைய இந்தியில் 'தட்டி' என்றால் வேறு அர்த்தமும் உண்டு, வடநாட்டு நண்பர்களிடம் சொல்லும்போது கஸ் என்பதைச் சேர்த்தே சொல்லுங்கள்.)

சரி, கட்டுவது எப்படி. காற்று வரும் பக்கத்து ஜன்னலில், பெரும்பாலும் மேற்கு, சட்டத்துக்கு வெளியே, இடைவெளி இல்லாமல் மூடுகிற மாதிரி தட்டி. ஓரத்தில் இரண்டு விரல் சந்து இருந்தாலும் காற்று அந்தச் சந்து வழியாகத்தான் போகும், வேர் வழியாகப் போகாது. எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னலோ கதவோ திறந்தே இருக்க வேண்டும். ஏசி பழக்கத்தில் எல்லாவற்றையும் சாத்திவிட்டு உட்கார்ந்தால் அரை மணியில் அறை குளியலறை மாதிரி ஆகிவிடும். பலர் தோற்பது இங்கேதான். காற்றே இல்லாத நாளில் எதிர் ஜன்னலில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வெளியே தள்ளுகிற மாதிரி ஓடினால் போதும், அது தட்டி வழியாகக் காற்றை இழுத்துக்கொடுக்கும். சீலிங் ஃபேன் அந்த வேலையைச் செய்யாது, உள்ளே வந்த காற்றைப் பரப்பும், அவ்வளவுதான்.

வேலூர் ஜன்னல் நாலடிக்கு நாலடி. மூங்கில் பிளாச்சில் சட்டம் கட்டி, இரண்டு பக்கமும் பிளாச்சு வைத்து நடுவில் ஓர் அங்குலக் கனத்துக்கு வேர் பரப்பித் தைத்த தட்டி. வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியவே இல்லையென்றால் காற்று நுழையாது, வானம் தெரிந்தால் வேர் போதாது. முதலில் அப்பா கால் மணிக்கொரு தரம் செம்பில் தண்ணீர் எடுத்து அடிப்பார், அது கட்டுப்படியாகவில்லை, தூங்குகிற நேரம் பார்த்துத்தான் தட்டி காயும். அப்புறம் ஒரு 20 லிட்டர் தண்ணீர் கேனை சன்ஷேட் மேல் ஏற்றி, சொட்டுநீர்ப் பாசனக் கடையில் கிடைக்கிற கருப்புக் குழாயைத் தட்டியின் தலைப்பில் படுக்கவைத்து, இரண்டு அங்குலத்துக்கு ஓர் ஊசித் துளை போட்டு, ஒரு சின்ன வால்வும் வைத்தோம். கீழே நெடுக்காகப் பிளந்த பிவிசி குழாய், அதிலிருந்து ஒரு வாளி. பதினொரு மணிக்குத் திறந்தால் நாலு மணிவரை பதினைந்து லிட்டர் போல ஆகும், வாளியில் விழுந்ததைத் திரும்பக் கேனிலேயே ஊற்றிவிடலாம். தட்டி முழுக்க ஒரே மாதிரி கருத்திருக்கிறதா என்று பாருங்கள், வெளுத்த திட்டு இருந்தால் அங்கே தண்ணீர் போகவில்லை, அந்த இடத்தில் அனல் அப்படியே உள்ளே வருகிறது.

முதல் இரண்டு நாள் வடிகிற தண்ணீர் செம்பழுப்பாக இருக்கும், சுண்ணாம்புச் சுவரில் கறை விழும். அதனால் முதலில் தொட்டியில் ஓர் இரவு ஊறவைத்து அலசிவிட்டு மாட்டுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மூன்று வாரத்தில் வேர் மேல் வெள்ளைப் பொருக்குக் கட்டி விறைத்துவிடும், நல்ல தண்ணீரில் அலசினால் ஓரளவு போகும். இன்னொன்று, சாயங்காலம் தண்ணீரை நிறுத்திவிட்டு இரவு முழுக்கக் காற்றாடக் காயவிடுங்கள். இராத்திரியும் நனைத்தே வைத்தால் பூசணம் பிடிக்கும், மண் வாசனை போய் மூடிக்கிடந்த பீரோ வாசனை வரும். அந்த வாசனை வந்த தட்டியை நான் வெயிலில் போட்டும் காப்பாற்ற முடியவில்லை, தூக்கித்தான் போட்டேன். வாளியில் தண்ணீரைத் தேங்கவிடாதீர்கள், டெங்கு கொசுவுக்கு அந்த வாளி போதும்.

வேர் வாங்கும்போது ஒரு விஷயம். தைலம் வடித்த சக்கை வேரையும் தட்டியாகத் தைத்து விற்கிறார்கள், அதற்கு எசென்ஸ் தெளிப்பதும் உண்டு. குளிர்ச்சியில் பெரிய வித்தியாசம் இருக்காது, வாசனைதான் ஏமாற்றும். நல்ல வேர் காய்ந்திருக்கும்போது மெல்லத்தான் மணக்கும், நனைத்ததும் எழும். எசென்ஸ் அடித்தது கடையிலேயே குப்பென்று தூக்கும், நாலு தடவை நனைத்தால் போய்விடும். கடையில் ஒரு கொத்தைத் தண்ணீரில் நனைத்து, உதறி, ஐந்து நிமிடம் கழித்து முகர்ந்து பாருங்கள். கடலூர் பக்கம் கடலோர மணலில் பயிர் செய்கிறார்கள். மணலில் வளர்ந்த வேர் முறியாமல் நீளமாக வரும், தட்டிக்கு அது நல்லது. நல்ல வேர் என்றாலும் முதல் கோடையின் மணம் இரண்டாவது கோடையில் இருக்காது. நாங்கள் இரண்டு வருஷம் வைத்துக்கொண்டு, மூன்றாம் வருஷம் புதிது தைப்போம், பழையது மல்லிகைச் செடிக்கு மூடாக்கு.

உங்களிடம் இருக்கிற பாய் கனம் குறைவாகத்தான் இருக்கும், ஆனாலும் எறிய வேண்டாம். இரண்டாக மடித்து மேற்கு ஜன்னலுக்கு வெளியே கட்டி, எதிர்ப்பக்கம் கதவைத் திறந்துவைத்து, அடுத்த மேயில் அனல் காற்று அடிக்கிற ஒரு காலை பத்தரை மணிக்கு நனைத்துப் பாருங்கள். அன்றைக்கும் ஈரத் துணி வெப்பமானி ஏழெட்டு டிகிரிகூட இறங்கவில்லை என்றால் உங்கள் வீட்டுக்கு இது ஆகாது, ஃபேனும் ஏசியும்தான்.