கதைச் சுற்றில் வாய் திறக்காத பிள்ளைகள்

“சுங்கை சிப்புட்டில் ஞாயிறு ஆங்கில வகுப்பு. தோட்டப் பிள்ளைகள் 12 பேர், 9, 10 வயது. வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு வரி கதை சொல்லச் சொன்னால் ஒருவன் தடுமாறுகிறான், மற்றவர்கள் சிரிக்கிறார்கள். என்ன செய்யலாம்?”

வட்டத்தைக் கலைத்துவிடுங்கள் டீச்சர். அதில் ஒருவன் பேச, பதினொரு பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். ஆறு ஆறு பேராக எதிரெதிர் வரிசையில் உட்கார வையுங்கள். ஒரு வரிசை முழுவதும் ஒரே நேரத்தில், அவரவர் எதிரில் இருப்பவரிடம் கதை சொல்லட்டும். அந்தச் சத்தத்தில் யார் தடுமாறினாலும் மற்றவர்களுக்குக் கேட்காது.

கதை ஏற்கனவே தெரிந்ததாக இருக்கட்டும். முதலைகளை எண்ணுவதாக ஏமாற்றி ஆற்றைக் கடந்த சருகுமான் சாங் கஞ்சில் கதை போதும். பழம், ஆறு, முதலை வரிசை, தாவல் என்று நான்கு படம் பலகையில் வரையுங்கள். வேண்டிய சொற்களை முன்பே கொடுங்கள். இந்த விளையாட்டு புதுச் சொல் கற்றுத் தராது. ஒரு நிமிடம் தமிழில் யோசிக்கவும் விடுங்கள்.

முதல் முறை 2 நிமிடம். பிறகு கேட்கும் வரிசை ஓர் இடம் நகர, அதே கதை புது ஆளிடம் ஒன்றரை நிமிடத்தில். மூன்றாவது ஆளிடம் ஒரே நிமிடத்தில். பிறகு வரிசைகள் மாறட்டும். ‘கோ’வா ‘வென்ட்’டா என்று நடுவில் திருத்தாதீர்கள், கடைசியில் ஒரு பிழையை மட்டும் எடுங்கள்.

மூன்றாவது முறையும் நீண்ட இடைவெளி விட்டால் கதை கடினம். பாதிக் கதையை விழுங்கினால் நேரம் போதவில்லை. அப்படியானால் மூன்று முறையும் 2 நிமிடமே கொடுங்கள்.