கடவுச்சீட்டு மறுப்பும் 21-ஆவது பிரிவும்: வளைகுடாவுக்குப் புதிதாக வந்த ஒரு தம்பிக்கு

"அண்ணா, வளைகுடாவுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. கடவுச்சீட்டைப் புதுப்பிக்கக் கொடுத்தேன். ஊரில் என் பேரில் வழக்கு இருப்பதாக போலீஸ் அறிக்கை வந்திருக்கிறது, தர முடியாது என்று கவுண்டரில் வாயால் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வாழ்வாதார உரிமை, மனித மாண்பு என்று எழுதி உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டால் உடனே கிடைத்துவிடும் என்கிறார்கள். உண்மையா? அப்படியே நல்ல அறை எங்கே கிடைக்கும், வீட்டுக்குப் பணம் அனுப்ப எது மலிவு என்றும் சொல்லுங்கள்."

தம்பி, அறையையும் பணம் அனுப்புவதையும் உங்களோடு வேலை செய்கிறவர்களே என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். கடவுச்சீட்டைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன். 2006-இல் இதே பதிலை வாங்கிக்கொண்டு, இதே அறிவுரையைக் கேட்டு, ஐந்து மாதச் சம்பளத்தை இழந்தவன் நான்.

முதலில் உங்கள் கையில் ஒரு காகிதம் வேண்டும். வாயால் சொன்னதை எதிர்த்துப் போடும் வழக்கு வலுவாக நிற்காது. 1967-ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டம், 5(3)-ஆவது பிரிவில், மறுக்கும் அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்றும், விண்ணப்பித்தவர் கேட்டால் அதன் நகலைக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நகலைக் கொடுப்பது இந்திய நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, வெளிநாட்டு நட்புறவு, பொதுமக்கள் நலன் போன்றவற்றுக்கு உகந்ததல்ல என்று அதிகாரி கருதினால் மட்டுமே அதை நிறுத்தி வைக்கலாம். ஆகவே விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு, 5(3)-இன்படி ஆணையின் நகல் வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள். இதை நான் செய்யவில்லை. எங்கள் சங்கத்தில் பேச்சுவன்மை மிக்க ஒருவர் இருந்தார். "அடிப்படை உரிமை என்று எழுது, நீதிமன்றமே பார்த்துக்கொள்ளும்" என்றார். அவரைப் போன்றவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தீர்ப்புகளின் பெயர்கள் அவர்களுக்குத் தெரியும். அந்தத் தீர்ப்புகளின் முடிவில் வழக்காடியவருக்கு என்ன கிடைத்தது என்பதை அவர்கள் படித்ததில்லை.

நான் படித்தேன், தாமதமாகத்தான். மேனகா காந்தியின் கடவுச்சீட்டை 1977 ஜூலையில் "பொது நலனுக்காக" முடக்கினார்கள். காரணம் கேட்டதற்கு, காரணத்தைத் தருவதும் பொது நலனுக்கு உகந்ததல்ல என்று பதில் வந்தது. உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் 1978 ஜனவரி 25 அன்று அளித்த தீர்ப்புதான், வாழும் உரிமையைக் காக்கும் அரசமைப்பின் 21-ஆவது பிரிவு சொல்லும் "சட்டம் வகுத்த நடைமுறை" நியாயமானதாகவும் நேர்மையானதாகவும் இருக்க வேண்டும் என்று நிலைநாட்டியது. ஆனாலும் அவர் தரப்பைக் கேட்டு மறுபரிசீலனை செய்வதாக அரசு ஒப்புக்கொண்டதால், முடக்கிய ஆணையை முறைப்படி ரத்து செய்யாமலேயே வழக்கை முடித்தார்கள். பம்பாய் நடைபாதைவாசிகள் தொடுத்த ஓல்கா தெல்லிஸ் வழக்கும் அப்படித்தான். வாழ்வாதாரம் என்பது வாழும் உரிமையின் பகுதி என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. சொல்லிவிட்டு, மழைக்காலம் முடியும்வரை பொறுத்து அவர்களை அப்புறப்படுத்தலாம் என்றும் அனுமதித்தது. உரிமை இருக்கிறது என்று நிலைநாட்டுவதும், உங்கள் விஷயத்தில் அதிகாரி அதை மீறினார் என்று காட்டுவதும் வேறு வேறு வேலைகள். இரண்டாவதைச் செய்யாத மனு, நீதிபதி எவ்வளவு இரக்கமுள்ளவராக இருந்தாலும் நிற்காது.

உங்கள் வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை அறிவதுதான் அடுத்த வேலை. எல்லாமே இதைப் பொறுத்தது. மறுப்பதற்கு அவர்கள் காட்டும் பிரிவு பெரும்பாலும் 6(2)(எஃப்) ஆக இருக்கும். இந்தியாவிலுள்ள குற்றவியல் நீதிமன்றத்தின் முன் நடவடிக்கை நிலுவையில் இருந்தால் மறுக்க வேண்டும் என்பது அது. அதில் "நீதிமன்றத்தின் முன்" என்ற சொற்களை மறந்துவிடாதீர்கள். முதல் தகவல் அறிக்கை என்பது காவல் நிலையத்தில் இருக்கும் காகிதம். குற்றப்பத்திரிகை தாக்கலாகி, நடுவர் அதைக் கோப்புக்கு எடுத்து எண்ணிட்ட பிறகுதான் நீதிமன்ற நடவடிக்கை நிலுவையில் இருப்பதாகப் பொருள் என்று உயர் நீதிமன்றங்கள் பலமுறை தீர்ப்பளித்திருக்கின்றன. ஊரிலுள்ள வழக்கறிஞரிடம் எஃப்.ஐ.ஆர். எண்ணைக் கொடுத்து, குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் அந்த எண்ணுக்குக் குற்றப்பத்திரிகை கோப்புக்கு எடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, முடிந்தால் சான்றிட்ட நகலோ பதிவோ வாங்கச் சொல்லுங்கள்.

என் வழக்கு பங்காளிகளோடு வரப்புத் தகராறு. சம்பவம் நடந்ததாகச் சொன்ன நாளில் நான் இங்கே கிடங்கில் இரும்புக் கம்பி எண்ணிக்கொண்டிருந்தேன். ஆகவே முதல் மனுவில் நான்கு பக்கம் என் குற்றமின்மையைப் பற்றியே எழுதச் சொன்னேன். மீதிப் பக்கங்களில் வாழ்வாதாரமும் மாண்பும் நிறைந்திருந்தன. குற்றமின்மையை விசாரிப்பது கடவுச்சீட்டு அதிகாரியின் வேலையல்ல. மறுப்பு ஆணையின் நகல் மனுவோடு இல்லை என்பதை அரசு வழக்கறிஞர் முதல் நாளிலேயே எடுத்துச் சொன்னார். "மனுதாரரின் கோரிக்கையைத் தகுதியின் அடிப்படையில் பரிசீலிக்க வேண்டும்" என்ற ஒரு வரி ஆணையோடு மனு முடிந்தது. பரிசீலித்தார்கள், மறுபடியும் மறுத்தார்கள். மூன்று மாதம் போனதுதான் மிச்சம். அந்த மறுப்பு எழுத்தில் வந்தது என்பதே அதில் எனக்குக் கிடைத்த ஒரே பயன்.

இரண்டாவது மனுவை எழுதிக் கொடுத்தவர் வயதான ஒரு வழக்கறிஞர். அந்தப் பெருமகனார் சொன்ன முறையை உங்களுக்கு அப்படியே தருகிறேன். மனுவின் முதுகெலும்பு சட்டத்தின் சொற்களாக இருக்க வேண்டும்: ஆணை 6(2)(எஃப்)-ஐக் காட்டுகிறது, எந்த நீதிமன்றத்திலும் நடவடிக்கை நிலுவையில் இல்லை, ஆகவே ஆணைக்கு அதிகாரமே இல்லை. அதன் பிறகு அரசமைப்பு உரிமைக்கு ஒரே ஒரு பத்தி. அந்தப் பத்தியில் "வாழ்வாதாரம் பாதிக்கப்படுகிறது" என்று பொதுவாக எழுத அவர் அனுமதிக்கவில்லை. என் வசிப்பு அனுமதி முடியும் தேதி, கடவுச்சீட்டு இல்லாமல் அதைப் புதுப்பிக்க முடியாது என்று நிறுவனம் கொடுத்த கடிதம், புதுப்பிக்காவிட்டால் ஒப்பந்தம் முடியும் தேதி, ஊருக்கு மாதந்தோறும் அனுப்பிய தொகைக்கு வங்கிப் பதிவு, அதை நம்பியிருக்கும் பெற்றோரின் வயது என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இணைப்பு எண் போட்டார். மறுப்புக்கும் பட்டினிக்கும் இடையே வேறு எந்தக் காரணமும் குறுக்கே நிற்கவில்லை என்பது காகிதங்களை அடுக்கிய வரிசையிலேயே தெரிந்தது. மாண்புக்கும் அவர் பெரிய சொல் எதையும் எழுதவில்லை. கடவுச்சீட்டு இல்லாததால் அறையை விட்டு வெளியே போகவே அஞ்சிக் கிடக்கிறேன், தகப்பனாருக்கு அறுவை சிகிச்சை நடந்தபோதும் ஊருக்குப் போக முடியவில்லை என்று மருத்துவமனைச் சீட்டோடு எழுதினார். வெறும் உயிரோடிருப்பதல்ல, மனித மாண்போடு வாழ்வதே வாழ்வு என்று 1981-இல் பிரான்சிஸ் கோரலி முல்லின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும், காவலில் இருந்த ஒரு தாய் தன் சிறு மகளையும் வழக்கறிஞரையும் எத்தனை முறை பார்க்கலாம் என்ற கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டுதான்.

அரசமைப்பின் 19(1)(ஜி), அதாவது தொழில் செய்யும் உரிமை, மீறப்பட்டது என்று சேர்க்கச் சொல்வார்கள். வெளிநாடு செல்வது தன்னளவில் அந்த உரிமைக்குள் அடங்காது என்று மேனகா காந்தி தீர்ப்பே சொல்லிவிட்டது. 21-ஐயும், ஒரே நிலையிலுள்ளவர்களை வேறுபடுத்தி நடத்தியிருந்தால் 14-ஐயும் பற்றிக்கொள்வதே பலம்.

குற்றப்பத்திரிகை ஏற்கெனவே கோப்புக்கு எடுக்கப்பட்டிருந்தால் உங்கள் பாதை வேறு. 6(2) "மறுக்க வேண்டும்" என்று கட்டளையிடுவதால், வாழ்வாதாரத்தைக் காட்டி அதிகாரியின் மனத்தை மாற்ற இடமில்லை. ஏற்கெனவே கையில் உள்ள கடவுச்சீட்டை முடக்கும் 10(3)-இல் "முடக்கலாம்" என்றுதான் இருக்கிறது. அங்கே உங்கள் பிழைப்பை எடைபோடாமல் முடக்கினார் என்று வாதாடலாம். மறுப்பு விஷயத்தில் வழி, 1993 ஆகஸ்ட் 25-ஆம் தேதியிட்ட ஜி.எஸ்.ஆர். 570(இ) அறிவிக்கை. வழக்கை விசாரிக்கும் நீதிமன்றம் வெளிநாடு செல்ல அனுமதித்தால் கடவுச்சீட்டு தரலாம் என்கிறது அது. நீதிமன்றம் காலத்தைக் குறிப்பிடாமல் விட்டால் ஓராண்டுக்குத்தான் கிடைக்கும். ஆகவே வாழ்வாதார வாதத்தை நடுவர் முன்னிலையில், எத்தனை ஆண்டுக்குத் தர வேண்டும் என்று கேட்கும் இடத்தில் செலவிடுங்கள். ஒப்பந்தம் மூன்று ஆண்டு என்றால் அந்த ஒப்பந்தத்தைக் காட்டிக் காலத்தைக் குறிப்பிடச் சொல்லிக் கேளுங்கள்.

மறுப்பு ஆணையை எதிர்த்து 11-ஆவது பிரிவின்படி மேல்முறையீடு உண்டு, அதற்குக் காலம் 30 நாள். ரிட் மனு போட்டாலும், அந்த வழியை ஏன் விட்டீர்கள் என்று கேட்பார்கள். வசிப்பு அனுமதி முடியும் தேதி அங்கே பதிலாக நிற்க வேண்டும். அவகாசம் இருந்தால் மேல்முறையீட்டையும் போட்டுவிடுங்கள். தூதரகம் வெளிநாட்டில் இருந்தாலும், எதிரான அறிக்கை தமிழ்நாட்டுக் காவல் நிலையத்திலிருந்து வந்திருப்பதால், வழக்கெழு காரணத்தின் ஒரு பகுதி அங்கே எழுந்தது என்று அரசமைப்பின் 226(2)-ஐக் காட்டலாம்; தென்மாவட்டமென்றால் மதுரைக் கிளை. ஊரில் தம்பியோ மாமனாரோ உங்களுக்காகக் கையெழுத்திட வேண்டுமானால், அதிகார ஆவணத்தைத் தூதரகத்தில் சான்றிடச் செய்து அனுப்புங்கள். அது இந்தியாவுக்கு வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை செலுத்தியாக வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வழக்கு நிலுவையில் உள்ளதா என்று விண்ணப்பம் கேட்டதற்கு "இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களா? நம்மவர்களில் பலர் முகவர் பேச்சைக் கேட்டு அப்படித்தான் எழுதுகிறார்கள். தகவலை மறைத்துப் பெறுவது 12-ஆவது பிரிவின்படி தனிக் குற்றம், 10(3)(பி)-இன்படி முடக்கவும் அதுவே காரணமாகும். உண்மையை மறைத்தவருக்கு ரிட் நீதிமன்றம் கை கொடுப்பதில்லை. அவர் மனுவில் மாண்பு என்ற சொல் எத்தனை முறை வந்தாலும் பயனில்லை. தெரியாமல் எழுதியிருந்தால், மனு போடுவதற்கு முன்பே தூதரகத்துக்குத் திருத்தக் கடிதம் கொடுத்து, அதையும் இணைப்பாக வையுங்கள்.

என் இரண்டாவது மனு ஆறு பக்கந்தான். மறுப்பு ஆணையை ரத்து செய்து, நான்கு வாரத்துக்குள் புதிதாக முடிவெடுக்கச் சொன்னார்கள். எட்டுப் பேர் படுக்கும் அறையில் அந்த ஆணையின் நகலை மேல்கட்டிலில் உட்கார்ந்து, கீழே தூங்குகிறவர்கள் விழிக்காதபடி கைப்பேசி வெளிச்சத்தில் படித்தேன். அதில் என் பெற்றோரின் வயதும், நான் அனுப்பிய தொகையும், என் வசிப்பு அனுமதி முடியும் தேதியும் நீதிபதியின் சொற்களில் இருந்தன. புதிய கடவுச்சீட்டு வந்தபோது அந்தத் தேதிக்குப் பதினொரு நாள் மிச்சமிருந்தது.