செடிக்குப் பக்கத்தில் காசு எதற்கு?

"செடி பேர் கேட்டுப் படம் போட்டால், 'பக்கத்துல ஒரு காசோ கையோ வெச்சு எடுங்க'ன்னு திருப்பி அனுப்புறாங்க. படம் தெளிவாத்தானே இருக்கு, காசு எதுக்கு?"

உங்கள் படம் தெளிவாகத்தான் இருக்கும். செல்போனைக் கிட்டக் கொண்டுபோனால் அரை சென்டிமீட்டர் இலையும் மூன்று சென்டிமீட்டர் இலையும் திரையில் ஒரே அளவில் நிறைந்துவிடும். அளவை வைத்துத்தான் பிரிக்க வேண்டிய செடி என்றால், எத்தனை தெளிவாக இருந்தும் பலனில்லை. இதற்காக ஒரு முறை சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவும் மறுபடி ஏறியவன் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

ஏற்காட்டில் ஒரு நடைபாதைக் கல் இடுக்கில் படர்ந்திருந்த செடியைப் படம் எடுத்து, அம்மான் பச்சரிசி என்று அம்மாவிடம் காட்டினேன். அம்மா அதைக் கீரையோடு சேர்ப்பவர். "இல்லடா, இது வேற மாதிரி இருக்கு" என்றார். ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியர் ஒருவருக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"இலை எவ்வளவு நீளம் தம்பி?"

"சின்னதுதான் சார்."

"சின்னதுன்னா? அரிசி அளவா, கட்டைவிரல் அளவா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அம்மான் பச்சரிசிக்கும் சிற்றம்மான் பச்சரிசிக்கும் எதிரெதிர் இலை, ஓரத்தில் சின்னப் பல், ஒரு பக்கம் சாய்ந்த இலையடி, சிவந்த தண்டு, ஒடித்தால் பால். முதலாவதன் இலை ஒன்றிலிருந்து நாலைந்து சென்டிமீட்டர் வரை நீளும். இரண்டாவதன் இலை பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டரைத் தொடாது. என் படத்தில் இருந்தது ஒரு கிளையின் நுனி மட்டும். அதை வைத்து எதையும் சொல்லலாம்.

அடுத்த வாரமே போய், இலைக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் காசை வைத்து எடுத்தேன். சார் அடுத்த கேள்வி கேட்டார்: "எந்த வருஷத்துக் காசு?" பழைய ஒரு ரூபாய் 25 மில்லிமீட்டர் அகலம், 2011 வரிசை 22, 2019 வரிசை 20. படத்தில் காசின் அகலம் 400 பிக்சல், இலையின் நீளம் 120 பிக்சல். காசு 20 மி.மீ. என்றால் இலை 6 மி.மீ., 25 என்றால் ஏழரை. இந்தச் செடிக்கு இரண்டுமே சிற்றம்மான் பக்கம்தான். எல்லாச் செடிக்கும் அப்படி இருக்காது. அன்றிலிருந்து பத்து ரூபாய் காசுதான் வைக்கிறேன். எந்த வருடத்துக் காசானாலும் அது 27 மி.மீ.

அந்தக் காசைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். செல்லும் என்று ரிசர்வ் வங்கி பலமுறை சொல்லியும், எங்கள் பக்கத்துக் கடையில் "பத்து ரூபா காசு வேணாம்ணே" என்று திருப்பித் தருகிறார்கள். நல்ல காசைக் கையில் வைத்துக்கொண்டு டீ வாங்க முடியாமல் நின்றிருக்கிறேன். கேட்டால் "யாரும் வாங்குறதில்ல" என்பார்கள். ஆளாளுக்கு இப்படிச் சொன்னால் யார்தான் வாங்குவது?

சரி, செடிக்கு வருவோம். காசு இலையோடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். கேமராவிலிருந்து காசு 10 சென்டிமீட்டரிலும் இலை 12 சென்டிமீட்டரிலும் இருந்தால், 6 மி.மீ. இலை 5 மி.மீ. போலக் காட்டும். காசு சாய்ந்து முட்டை வடிவில் விழுந்தால் அதன் நீண்ட அகலத்தை அளந்துகொள்ளலாம். வெயிலில் காசு பளபளத்தால் இலை இருண்டு போகும். உங்கள் நிழலை அதன் மேல் விழவிடுங்கள்.

சாண் அளவு இலைக்குக் காசு போதாது, கைதான் சரி. மலைக் காற்றில் ஆடும் கிளைக்குப் பின்னால் உள்ளங்கையை விரித்தால் ஆட்டமும் குறையும். ஆனால் ஆளுக்கு ஆள் கை வேறு. உங்கள் கட்டைவிரல் நகத்தின் அகலத்தை ஒரு தடவை அளந்து படத்தோடு எழுதிவிடுங்கள். என்னுடையது 15 மி.மீ. "ஸ்கேலே வைக்கலாமே" என்பவர்களுக்கு: வைக்கலாம், அதுதான் துல்லியம். மலை ஏறுபவர் பையில் அது இருப்பதில்லை, காசு இருக்கிறது. இன்னொன்று, காசு வைத்த படத்தை மட்டும் நம்பி எதையும் பறித்துத் தின்னச் சொல்லவில்லை. இந்தச் செடிகளின் பால் கண்ணில் பட்டால் எரியும்.

காசால் முடியாததும் உண்டு. சிற்றம்மானைப் போலவே தரையோடு படரும் இன்னொரு செடிக்கும் இலை அதே அளவு. காயைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்: சிற்றம்மானின் காய் முழுக்க மெல்லிய முடி இருக்கும், மற்றதில் முகடுகளில் மட்டும். என் படத்தில் காய் மங்கலாக இருக்கிறது. சார் இன்னும் பெயர் சொல்லவில்லை. மழை விட்டதும் பத்து ரூபாய் காசோடு ஒரு கை லென்ஸையும் எடுத்துக்கொண்டு மறுபடி ஏறுகிறேன்.