ரெஸ்யூம் ஐந்து வரி வழிகிறது, எங்கே கை வைப்பது?

கேள்வி: அக்கா, இப்போதுதான் டிகிரி முடித்தேன். ரெஸ்யூம் ஒரு பக்கமும் ஐந்து வரியும் வருகிறது. எழுத்தை 9 ஆக்கினால் அடங்குகிறது. அப்படியே அனுப்பலாமா?

பதில்: வேண்டாம். எழுத்தைச் சுருக்குவது கடைசி வழி. முதலில் வரிகளுக்கு நடுவில் இருக்கும் வெள்ளையைப் பாருங்கள். வேர்டின் பல பதிப்புகளில் நீங்கள் என்டர் தட்டும் ஒவ்வொரு முறையும் கீழே 8 பாயின்ட் இடம் தானாக விழும். புல்லட் பட்டனை அழுத்திப் போட்ட வரிகளுக்கு நடுவே மட்டும் பெரும்பாலும் வராது.

உங்களுடையதில் புல்லட் இல்லாத வரிகள் 24 என்று வைத்துக்கொள்வோம். 24 × 8 = 192 பாயின்ட். ஏ4 தாளின் உயரமே 842தான். மேலும் கீழும் ஒரு அங்குலம் விட்டால் எழுத மிஞ்சுவது 698. அதில் கால் பங்குக்கு மேல் யாரும் கேட்காமலே போய்விட்டது!

முழுவதையும் தேர்ந்தெடுத்து, `Paragraph` பெட்டியில் `After` என்ற இடத்தில் 2 போடுங்கள். 144 பாயின்ட் திரும்பி வரும். 11 அளவு எழுத்தில் அது ஒன்பது, பத்து வரி. வழிந்த ஐந்து வரி உள்ளே போய்விடும். மிச்சத்தைச் செலவழிக்க ஒரே இடம்தான் உண்டு: படிப்பு, ப்ராஜெக்ட், திறன்கள் போன்ற தலைப்புகளின் மேல்பக்கம். அங்கே `Before` 10 வையுங்கள். தலைப்பு தனக்குக் கீழே உள்ளதோடு ஒட்டியும், மேலே உள்ளதிலிருந்து விலகியும் நின்றால், கோடு எதுவும் போடாமலே பகுதிகள் தனித்தனியாகத் தெரியும்.

எழுத்து 10.5 அல்லது 11, தலைப்பு 13, பெயர் 20. அதற்குமேல் வகை வேண்டாம்.

கேள்வி: இதற்கு இவ்வளவு கணக்கா? மார்ஜினை நாலு பக்கமும் அரை அங்குலம் ஆக்கினால் ஐந்து வரி வந்துவிடுமே. நான் ப்ரின்ட் எடுத்தே பார்த்துவிட்டேன், எதுவும் வெட்டுப்படவில்லை.

பதில்: வெட்டுப்படாது, ஐந்து வரியும் கிடைக்கும். அதுவரை சரி. ஆனால் பக்கவாட்டிலும் குறைத்ததால் வரியின் நீளம் சுமார் 16 சென்டிமீட்டரிலிருந்து 18.5 ஆகிவிட்டது. இவ்வளவு நீண்ட வரியின் முடிவிலிருந்து அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும்போது கண் தடுமாறும். நான் நாலு பக்கமும் 0.75 வைப்பேன். மேலும் கீழும் மட்டும் அரை அங்குலம் வைப்பவர்களும் உண்டு. அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன்.

கேள்வி: எனக்கு எட்டு வருட அனுபவம். நானும் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அடக்க வேண்டுமா, மேடம்?

பதில்: உங்களுக்கு இரண்டு பக்கம் தாராளமாகப் போகலாம். இங்கே பேசுவது புதிதாக முடித்தவர்களுக்கு.

கேள்வி: ஆண்டுகளை வலது ஓரத்தில் வரிசையாக வைத்திருந்தேன். நண்பன் லேப்டாப்பில் திறந்தால் பல் விழுந்த மாதிரி ஏறி இறங்கி நிற்கிறது. ஏன்?

பதில்: ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டித் தள்ளியிருப்பீர்கள், சரியா? அவரிடம் அந்த எழுத்துரு இல்லையென்றால் வேறொன்று வந்து உட்காரும், அகலம் மாறும், எல்லாம் நகரும். `Tabs` பெட்டியில் 6.77 அங்குலத்தில் `Right` என்று ஒரு நிறுத்தம் வையுங்கள். ஏ4 தாளின் 8.27 அங்குல அகலத்தில் இரண்டு பக்கமும் 0.75 கழித்தது அது. பிறகு படிப்பின் பெயரை அடித்து, ஒரே ஒரு டேப், அப்புறம் ஆண்டு. அனுப்பும்போது பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். எழுத்துரு கோப்புக்குள்ளேயே போய்விடும்.

கேள்வி: இடது பக்கம் கலர் பட்டை போட்ட இரண்டு பத்தி டெம்ப்ளேட் எடுத்தேன். பார்க்க அழகாக இருக்கிறது. சிலர் வேண்டாம் என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் அக்கா?

பதில்: ஒரு சோதனை செய்யுங்கள். பிடிஎஃபைத் திறந்து எல்லாவற்றையும் காப்பி செய்து, நோட்பேடில் ஒட்டுங்கள். ஒருமுறை எனக்கு வந்த ரெஸ்யூமில் இப்படி ஒட்டியபோது, இடது பக்கத் திறன் ஒன்றும் வலது பக்கப் ப்ராஜெக்ட் வரி ஒன்றும் மாறி மாறிப் பின்னிக்கொண்டு வந்தன. விண்ணப்பத்தை மென்பொருள் படித்தாலும் இதே குழப்பம் வரலாம். எல்லா மென்பொருளும் இப்படித் தடுமாறும் என்றில்லை, உங்களுடையதில் வரிசை ஒழுங்காக வந்தால் தடை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பட்டை தாளில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. அதனால்தான் வலது பக்கம் ஒவ்வொரு ப்ராஜெக்ட்டும் நாலு வரி மடிந்து நிற்கிறது, பாருங்கள்.