"அக்காவிடம் கேள்"

கேள்வி: வீட்டில் மூத்த பெண் நான். அப்பாவின் மருந்திலிருந்து தம்பியின் கல்லூரிக் கட்டணம் வரை எல்லாம் என் தலையில். அலுத்துவிட்டது. கோபப்பட்டால் உடனே குற்ற உணர்வும் வருகிறது. இதிலிருந்து மீண்டவர்கள் இருக்கிறீர்களா?

பதில்: மீண்டுவிட்டேன் என்று சொன்னால் அது பொய். பாதி இறக்கி வைத்திருக்கிறேன். அந்தப் பாதி எப்படி இறங்கியது என்பதை மட்டும் சொல்கிறேன்.

எனக்கு 41 வயது. வீடு விருதுநகரில், வேலை சென்னையில். கீழே ஒரு தங்கை, ஒரு தம்பி. எங்கள் வீட்டில் கேஸ் புத்தகம் காணவில்லை என்றாலும், கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் எழுதுவது என்றாலும் ஒரே பதில்தான்: "அக்காவிடம் கேள்."

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு நாள், விடியற்காலை மூன்று மணிக்கு அம்மா போன் செய்தாள். அப்பாவுக்கு உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம், பேச்சு குழறுகிறது. சர்க்கரை இறங்கிவிட்டது என்று புரிந்தது. சர்க்கரை கரைத்த தண்ணீரைக் கொடுக்கச் சொன்னேன்; பதினைந்து நிமிடம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்க்கச் சொன்னேன். 70-க்கு மேல் ஏறியதும்தான் எனக்கு மூச்சு வந்தது. பிறகுதான் ஒன்று உறைத்தது. பக்கத்து அறையில் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். அவனை எழுப்பாமல், ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் என்னை எழுப்பியிருக்கிறாள்.

நடந்தது இதுதான். டாக்டர் சர்க்கரைக்கான கிளிமிபிரைடு மாத்திரையை 2 மில்லிகிராமிலிருந்து 1 மில்லிகிராமாகக் குறைத்திருந்தார். நான் சொன்னேன் என்று தம்பி மாத்திரை வாங்கப் போனான். பழைய அட்டையைக் காட்டிப் பழைய அளவையே வாங்கி வந்துவிட்டான். அன்று இரவு அப்பா சரியாகச் சாப்பிடவும் இல்லை. திட்டியபோது தம்பி சொன்னான்: "அளவு மாறியதை நீ சொல்லவே இல்லையே அக்கா."

அவன் சொன்னதும் சரிதான். அவன் செய்தது கடைக்குப் போன வேலை மட்டும். எது தீர்ந்தது, எது மாறியது, அடுத்த பரிசோதனை என்றைக்கு என்று நினைவு வைத்திருக்கும் வேலை என்னிடமே இருந்தது. என்னைக் களைப்பாக்கியது அதுதான். "கொஞ்சம் உதவி செய்" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்வரை அது கைமாறாது. உதவிக்கு ஆள் வந்தால், அவர்களுக்கு வேலை சொல்வதும் நம் வேலையாகிவிடும்.

அதனால் அப்பாவின் உடல்நலத்தை முழுதாகத் தம்பியிடம் கொடுத்தேன். ஃபைல், மருந்துச் சீட்டு, மூன்று மாதச் சர்க்கரைப் பரிசோதனை எல்லாம் அவனுடையவை. ஆஸ்பத்திரியிலும் மருந்துக் கடையிலும் என் எண்ணை எடுத்துவிட்டு அவன் எண்ணைக் கொடுத்தோம். நினைவூட்டுவதில்லை என்று எனக்கு நானே விதி போட்டுக்கொண்டேன். முதல் தடவையே பரிசோதனையைப் பன்னிரண்டு நாள் தள்ளிப்போட்டான். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். தினசரி மாத்திரையில் மட்டும் அப்படி விட்டுப்பார்க்க முடியாது. முதல் ஒரு மாதம் அப்பாவிடமே தினமும் கேட்டுச் சரிபார்த்தேன்.

பணம் இதைவிடச் சிக்கல். தம்பியின் படிப்புக்காக அம்மாவின் ஆறு பவுன் என் பெயரில் அடகில் இருந்தது. வருடா வருடம் வட்டியைக் கட்டித் திருப்பி வைப்பேன். அசல் அப்படியே நிற்கும். நான்கு வருட ரசீதுகளையும் ஒரு பொங்கலன்று கூடத்தில் பரப்பி வைத்தேன். யாரையும் திட்டவில்லை. கட்டிய வட்டித் தொகையைப் படித்ததும் தம்பியின் முகம் மாறிவிட்டது. அவனுக்கு உண்மையாகவே தெரியாது. சொல்லாமல் சுமந்ததில் என் வீம்பும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இப்போது அசலில் பாதி அவன் பொறுப்பு; அதை மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறான்.

அடுத்து, தங்கையின் கணவர் வாங்கவிருந்த கடனுக்கு ஜாமீன் கையெழுத்து. "வெறும் கையெழுத்துதானே" என்றார்கள். அது சாட்சிக் கையெழுத்து அல்ல. 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவுப்படி, வேறு விதமாக எழுதிக்கொள்ளாத வரை, கடன் வாங்கியவருக்கு உள்ள பொறுப்பு முழுவதும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. முடியாது என்றேன். தங்கை நான்கு மாதம் பேசவில்லை. உங்களுக்கு வருவதாகச் சொல்லும் அந்தக் குற்ற உணர்வு எனக்கும் வந்தது. நான்கு மாதமும் கூடவே இருந்தது. அதற்காகப் போய்க் கையெழுத்துப் போட்டுவிடவில்லை, அவ்வளவுதான்.

போன மாதம் அப்பாவுக்குக் காய்ச்சல். தம்பி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், இரத்தப் பரிசோதனை முடித்து, வீட்டுக்கும் கூட்டிவந்துவிட்டான். எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. இதற்குத்தானே இவ்வளவு பாடுபட்டேன்? ஆனால் போனை எடுத்து, "என்னிடம் ஏன் சொல்லவில்லை?" என்று அம்மாவிடம் அரை மணி நேரம் சண்டை போட்டேன்.