எல்லோரோடும் எனக்குச் சண்டை வருகிறது. அப்படியென்றால் பிரச்சினை நான்தானா?

இந்தக் கேள்வியைத் தூக்கம் வராமல் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அந்த நேரத்தில்தான் இதைக் கேட்டுக்கொள்வேன். நான் மனநல நிபுணர் இல்லை, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

ஒரே வருடத்தில் அக்கா, அறைத்தோழன், அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் என மூன்று பேரோடு பேச்சு நின்றது. மூவரும் கேட்டது ஒன்றைத்தான்: "திடீர்னு ஏன் இப்படிக் கத்துற?" மூன்றிலும் பொதுவான ஆள் நான். சரி, நான்தான் மோசம் என்று முடிவு கட்டிவிட்டேன். அதில் ஒரு சௌகரியமும் இருந்தது. ஆளே மோசம் என்றால் எதையும் மாற்ற வேண்டியதில்லையே.

அப்புறம் ஒருநாள் மூன்று சண்டைகளையும் நோட்டில் எழுதினேன். கேமராவில் பதிவாகக்கூடியதை மட்டும்தான் எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். "அக்கா என்னை மதிக்கவில்லை" என்பது கேமராவில் விழாது. "அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போக மூன்றாவது முறையும் என்னிடமே சொன்னாள்" என்பது விழும். முதல் இரண்டு முறை நான் என்ன சொன்னேன் என்று எழுதப் போனபோது பேனா நின்றது. "பரவாயில்லக்கா, நான் போறேன்." இரண்டு முறையும் லீவு போட்டேன். அதை அவளிடம் சொல்லாமல் மனதுக்குள் கணக்கு வைத்தேன். மூன்றாவது முறை வட்டியோடு கேட்டுவிட்டேன். கடன் இருந்ததே அவளுக்குத் தெரியாது. மற்ற இரண்டு சண்டைகளிலும் அதே "பரவாயில்லை".

அதற்காக அக்கா மேல் தப்பே இல்லை என்று சொல்லவில்லை. "உனக்குத் தோதுப்படுமா" என்று அவள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அது அவள் பங்கு.

சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அந்த வருடம் என் மேலாளர் மதிப்பீட்டில் "அனுசரித்துப் போவதில்லை" என்று எழுதினார். எந்த நாள், எந்த விஷயம் என்று கேட்டேன். "பொதுவாத்தான்" என்றார். இதை வைத்துக்கொண்டு நான் எதைத் திருத்துவது?

பிறகு என் பங்கை மட்டும் மாற்றிப் பார்த்தேன். முடியாததை முதல் தடவையே முடியாது என்றேன். அக்கா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள், பிறகு தானே ஏற்பாடு செய்துகொண்டாள். பக்கத்து இருக்கைக்காரரோ, எனக்குத் தலைக்கனம் என்று எல்லோரிடமும் சொன்னார். பல மாதம் பொறுமையாகச் சொல்லியும் அவர் மாறவில்லை. அந்தச் சண்டைக்கான காரணத்தை என்னிடம் தேடுவதை நிறுத்திக்கொண்டேன்.

"அடிக்கிறவனிடமும் இப்படி நோட்டுப் போட்டு எழுதணுமா" என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். வேண்டாம். அடி, மிரட்டல் உள்ள இடத்தில் முடியாது என்று சொல்லிப் பார்ப்பதே ஆபத்தாகிவிடும். அங்கே முதலில் வெளியிலிருந்து உதவி தேட வேண்டும்.

அக்கா இன்னமும் எடுத்த எடுப்பில் வேலை சொல்லத்தான் செய்கிறாள். "பாத்துட்டு சாயங்காலம் சொல்றேன்க்கா" என்கிறேன்.